பீஸ் லில்லி வாடுகிறது: தண்ணீர் கூடிப் போச்சா, பத்தலையா?

லயத்துமகள் · சனி, காலை 8.40

சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். முன் வராந்தாவில் இரண்டு பீஸ் லில்லி இருக்கின்றன. போன வருடம் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. இரண்டும் ஆறு அங்குல பிளாஸ்டிக் சட்டி, ஒரே கருப்பு மண். ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்று ஒரு வாரமாகத் தலை தொங்கிக் கிடக்கிறது. அம்மா தினமும் காலையில் ஒரு குவளை ஊற்றுகிறார். வாடியதும் சாயங்காலமும் ஒரு குவளை சேர்த்துக்கொண்டார். அப்படியும் எழுந்திருக்கவில்லை.

மேல் மண்ணைத் தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது. அதைக் காட்டித்தான் அம்மா "தாகமாக இருக்கிறது, ஊற்று" என்கிறார். எனக்கு என்னவோ அதிகமாகிவிட்டது என்று தோன்றுகிறது. வீட்டில் இதை வைத்தே இரண்டு நாளாகப் பேச்சு. எப்படிக் கண்டுபிடிப்பது?

---

கூலிம் வாத்தியார் · சனி, காலை 9.05

இலை மஞ்சளாகி இருக்கிறதா? மஞ்சள் என்றால் தண்ணீர் கூடிவிட்டது, இலை ஓரம் பழுப்பாகிக் காய்ந்தால் தண்ணீர் குறைவு. அவ்வளவுதான் கணக்கு. சட்டிக்கு அடியில் இரண்டு அங்குலம் கல் போட்டு மாற்றி நடுங்கள், தண்ணீர் தேங்காது.

---

மிளகாய்த்தோட்டம் · சனி, காலை 9.31

எனக்கும் இதே பிரச்சினை. இலை எல்லாம் மேல் பக்கமாகச் சுருண்டுவிட்டது, நுனி சுருங்கிப் போச்சு. வேப்பெண்ணெய் அடித்தும் சரியாகவில்லை. மழை விட்டு மழை அடிப்பதால்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

---

லயத்துமகள் · சனி, காலை 9.40

அண்ணே, நீங்கள் மிளகாய்ச் செடியைச் சொல்கிறீர்களா? என்னுடையது வீட்டு வராந்தாவில் இருக்கும் பூச்செடி. சுருளவில்லை, தொங்குகிறது.

வாத்தியார் சார், அடி இலை இரண்டு மஞ்சளாகி இருக்கின்றன. ஓரம் பழுப்பான இலையும் இரண்டு இருக்கின்றன. உங்கள் கணக்குப்படி கூடவும் இருக்கிறது, குறைவாகவும் இருக்கிறது :)

---

மிளகாய்த்தோட்டம் · சனி, காலை 9.44

ஆமாம், மிளகாய். தலைப்பைச் சரியாகப் படிக்கவில்லை, மன்னிக்கவும். இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேறு இழை தொடங்குகிறேன்.

---

பழைய மண்டோர் · சனி, காலை 10.20

பாப்பா, நான் தோட்டத்தில் செம்பனை நாற்று மேடையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். இப்போது தாமான் வீட்டில் அறுபது சட்டி வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுகிறேன்.

முதலில் ஒன்று. தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியும், தண்ணீரில் வேர் அழுகி வாடுகிற செடியும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுதான். இரண்டுக்கும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஒன்றில் மண்ணில் தண்ணீர் இல்லை. மற்றதில் தண்ணீர் நிறைய இருக்கிறது, குடிக்க வாய் இல்லை. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் காற்று போகிற சந்து எல்லாம் நாள் கணக்கில் தண்ணீரால் அடைபட்டால் வேர் செத்து, அப்புறம் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். அதனால் வாட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குவளையை எடுக்கக் கூடாது. அம்மா செய்தது எல்லாரும் செய்வதுதான்.

இப்போது மூன்று வேலை செய்யுங்கள். சட்டியைத் தூக்கிப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் நல்ல செடியையும் தூக்கிப் பாருங்கள். ஒரு சத்தே குச்சியை மண்ணில் அடி தட்டும்வரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். இலையை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.

வாத்தியார் சொன்ன மஞ்சள் கணக்கு பாதி சரி. வயதான அடி இலை சும்மாவே மஞ்சளாகும். காய்ந்த செடியிலும் இலை மஞ்சளாகித்தான் அப்புறம் மொறுமொறு என்று ஆகும். நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

---

மீட்டர் தம்பி · சனி, காலை 11.02

இவ்வளவு சிரமம் எதற்கு? மண்ணில் குத்துகிற மீட்டர் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. பச்சையில் நின்றால் ஈரம், சிவப்பில் நின்றால் ஊற்று.

---

பழைய மண்டோர் · சனி, காலை 11.15

வாங்கினேன் தம்பி, இரண்டு. அது ஈரத்தை நேராக அளப்பதில்லை, மண்ணில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து ஊகிக்கிறது. உரம் போட்டு உப்பு ஏறிய மண்ணில் ஈரம் குறைந்தாலும் "ஈரம்" என்கும். தேங்காய் நார், எரித்த உமி கலந்த பொலபொல மண்ணில் கம்பி சரியாக ஒட்டாது, ஈரமாக இருந்தாலும் "காய்ந்தது" என்கும். ஒரே மண், ஒரே சட்டி என்றால் ஓரளவு ஒப்பிடலாம். என்னுடையது இப்போது தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது.

---

லயத்துமகள் · சனி, பிற்பகல் 1.25

செய்து பார்த்துவிட்டேன். அம்மாவும் கூடவே நின்றார்.

நோயாளிச் சட்டி கனமாக இருக்கிறது. நல்ல செடி அதைவிடக் கொஞ்சம் லேசு. சமையலறைத் தராசில் வைத்தேன்: நோயாளி 1,970 கிராம், நல்லது 1,780.

குச்சி: மேலே சுமார் ஒன்றரை அங்குலத்துக்கு வெள்ளையாக வந்தது. அதற்குக் கீழே கறுத்து, மண் அப்பிக்கொண்டு வந்தது. முகர்ந்தேன், கால்வாய் நாற்றம் லேசாக அடிக்கிறது.

இலை: அடி இலை மெத்தென்று, அழுத்தினால் அப்படியே மடிகிறது. ஓரிடத்தில் கறுப்புத் திட்டு, அங்கே வழவழப்பு. மேல் இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன, ஆனால் தொங்குகின்றன.

இன்னொன்று. பிளாஸ்டிக் சட்டியை வெள்ளை பீங்கான் ஜாடிக்குள் வைத்திருந்தோம், அழகுக்காக. தூக்கியபோது ஜாடிக்குள் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நல்ல செடிக்கு ஜாடி இல்லை, வெறும் தட்டுதான். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

---

மணிபிளாண்ட் அக்கா · சனி, பிற்பகல் 2.10

ஜாடிதான் வில்லன். ஆனால் எல்லாரும் "கூடிவிட்டது" என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், என் வீட்டில் நேர் எதிராக நடந்தது.

தொங்கும் சட்டியில் மணி பிளாண்ட், முழுக்கத் தேங்காய் நார்த் தூளில் நட்டது. தினமும் ஊற்றுவேன், அடியில் ஒழுகும், மேலே தொட்டால் ஈரம். ஆனாலும் இலை மெலிந்து தொங்கியது. நானும் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் நிறுத்தினேன். இன்னும் மோசமாகிவிட்டது. ஒரு நாள் ஒட்டடை அடிக்கக் கழற்றியபோது சட்டி காலி மைலோ டின் மாதிரி கையோடு வந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் முழுக்கக் காய்ந்த பிரவுன் தூள். நார்த்தூள் ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, சட்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக அப்படியே கீழே ஓடிவிடும். நான் ஊற்றியது எல்லாம் சிமெண்ட் தரைக்குத்தான் போயிருக்கிறது.

பேசினில் தண்ணீர் வைத்து, சட்டியைப் பாதி உயரம் முங்குகிற மாதிரி அரை மணி நேரம் உட்கார வைத்தேன். மேல் மண் கறுக்கும்வரை. அப்புறம் வடிய விட்டேன். அன்று சாயங்காலமே இலை நிமிர்ந்துவிட்டது.

---

பழைய மண்டோர் · சனி, மாலை 4.50

அக்கா சொன்னது முக்கியமான விஷயம். மேல் மண் ஈரம், சட்டி லேசு என்றால் உள்ளே காய்ந்திருக்கிறது. மேல் மண் காய்ந்தது, சட்டி கனம் என்றால் கீழே சேறு. இரண்டிலும் விரல் நுனி பொய் சொல்கிறது, எடை பொய் சொல்லவில்லை. விரலை விடுவதென்றால் இரண்டாவது கணு வரை விட வேண்டும். ஆறு அங்குல சட்டிக்கு அதுவும் பாதி ஆழம்தான், அதனால்தான் குச்சி.

நாற்று மேடையில் சின்னப் பொலிபேக் பருவத்தில் நான் இதைத்தான் செய்வேன். காலையில் வரிசைக்கு நாலைந்து பையைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பெரிய பொலிபேக்குக்கு மாற்றிய பிறகு தூக்க முடியாது, அப்போது மண்ணைக் குத்தித்தான் பார்க்க வேண்டும்.

பாப்பா, ஒரு நாள் எடையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நல்ல செடிக்கு ஊற்றி, வடிய விட்டு எடை போடுங்கள். நோயாளிக்கு ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், ஜாடியைத் தூரப் போடுங்கள். தினமும் காலையில் இரண்டையும் எடை போட்டு எழுதுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதனால் குறைகிற கிராம் எல்லாம் போன தண்ணீர்தான். நான் பார்க்கச் சொல்வது எவ்வளவு கனம் என்று அல்ல, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று.

இலைக்கு என் அளவுகோல் இது. காய்ந்த செடியின் இலை, இரண்டு நாள் தட்டில் கிடந்த வெற்றிலை மாதிரி: மெலிசு, துவண்டது, ஆனால் நார் இருக்கும், ஓரம் சரசரக்கும். அழுகின செடியின் இலை வெந்த கீரை மாதிரி: கனமாகத் துவளும், அழுத்தின இடத்தில் நசுங்கும். தண்ணீர் கூடிய செடியில் மஞ்சள் இலையைத் தொட்டாலே காம்போடு வந்துவிடும். காய்ந்ததில் இலை செத்த பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

---

கூலிம் வாத்தியார் · சனி, மாலை 5.30

மண்டோர் ஐயா, கல் போடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. என் அப்பா காலத்தில் இருந்து போடுகிறோம்.

---

பழைய மண்டோர் · சனி, மாலை 6.05

என் அப்பாவும் போட்டார் வாத்தியாரே. பாத்திரம் கழுவுகிற பஞ்சு ஒன்றை நனைத்து, பிழியாமல் தூக்கிப் பிடியுங்கள். சொட்டி நின்ற பிறகும் அதன் அடி விளிம்பில் தண்ணீர் நிற்கும். அதைக் கல் மேல் வைத்தாலும் அந்தத் தண்ணீர் இறங்காது. சட்டி மண்ணும் அப்படித்தான், அடியில் ஒரு ஈர அடுக்கு எப்போதும் தங்கும். கல் போட்டால் அந்த அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்குக் கிட்டத்தில் ஏறிவிடும். துளை அடைக்காமல் இருக்க ஓட்டாஞ்சில்லு ஒன்று போதும்.

---

கூலிம் வாத்தியார் · சனி, மாலை 6.20

பஞ்சு விளக்கம் சரிதான். ஆனாலும் என் வீட்டில் கல் போட்ட சட்டியில் இருபது வருடமாகக் குரோட்டன் இருக்கிறது.

---

பழைய மண்டோர் · சனி, மாலை 6.24

குரோட்டனுக்கு வெயில் இருந்தால் கல்லையும் சேர்த்துக் குடிக்கும் :) வராந்தா நிழலில் வைத்துப் பாருங்கள்.

---

மீட்டர் தம்பி · ஞாயிறு, காலை 10.10

ஒரு சந்தேகம். என் செடி மதியம் இரண்டு மணிக்குத் தொங்குகிறது, எடை சரியாக இருக்கிறது, ராத்திரி நிமிர்ந்துவிடுகிறது. அது எந்த வகை?

---

பழைய மண்டோர் · ஞாயிறு, காலை 11.00

எந்த வகையும் இல்லை. வெயில் நேரத்தில் இலை தண்ணீரை ஆவியாக விடுகிற வேகத்துக்கு வேர் உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவுதான். மதியம் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே தம்பி. விடியற்காலையில், வெயில் வருவதற்கு முன் பார். ராத்திரி முழுக்க நேரம் கொடுத்தும் காலை ஏழு மணிக்குத் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலை. இந்தப் பாப்பாவின் செடி காலையிலும் தொங்குகிறது, கவனித்தாயா?

---

லயத்துமகள் · புதன், காலை 7.50

நான்கு நாள் கணக்கு இதோ. தினமும் காலை ஏழரைக்கு எடை போட்டேன்.

நல்ல செடி, சனிக்கிழமை ஊற்றி வடிய விட்ட பிறகு 2,010. இன்று 1,610. நானூறு கிராம் போயிருக்கிறது.

நோயாளி சனி 1,970. இன்று 1,910. அறுபதே கிராம்.

ஒரே வராந்தா, ஒரே காற்று. அந்த அறுபதும் மேல் மண்ணில் இருந்து ஆவியானதாகத்தான் இருக்க வேண்டும், செடி குடித்த மாதிரித் தெரியவில்லை. இதை அம்மாவிடம் காட்டினேன். "அப்போ தாகம் இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, தராசை அவரே எடுத்துப் போய் உள்ளே இருக்கும் அக்லோனிமாவை எடை போடத் தொடங்கிவிட்டார்.

---

பழைய மண்டோர் · புதன், காலை 9.15

குடிக்கவில்லை. இனிக் காத்திருந்து பயன் இல்லை, சட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிட வேண்டியதுதான்.

மண்ணை மெதுவாக உதறுங்கள், குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, முறித்தால் முறியக்கூடியதாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாக இருப்பதை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். மேல் தோல் உறை மாதிரி கழன்று, நடுவில் நூல் மட்டும் நின்றால் அது போன வேர். சுத்தமான கத்தரியால் நல்ல பகுதி வரும்வரை வெட்டுங்கள். வேர் போன அளவுக்கு இலையும் குறைக்க வேண்டும், மஞ்சளும் கறுப்புத் திட்டும் உள்ளவை முதலில்.

சட்டி மிச்ச வேருக்கு ஏற்ற சின்னதாக இருக்கட்டும். நாலு அங்குலம் போதும். பெரிய சட்டியில் சின்ன வேர் என்றால் மறுபடியும் தண்ணீர் தேங்கும். பழைய மண் வேண்டாம். புதிய மண்ணோடு எரித்த உமியோ உடைத்த கரியோ மூன்றில் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். நட்டதும் ஒரு தடவை ஊற்றி வடிய விட்டு, எடையைச் சட்டியில் பென்சிலால் எழுதுங்கள். உரம் இப்போது கூடாது. நிழலில் வையுங்கள்.

---

மணிபிளாண்ட் அக்கா · புதன், காலை 9.50

வெட்டின இடத்தில் பட்டைத் தூள் தடவினால் அழுகல் நிற்கும் என்பார்கள். நான் தடவியிருக்கிறேன், பிழைத்தது.

---

பழைய மண்டோர் · புதன், காலை 10.05

தண்டில் என்றால் சரி அக்கா. வேரில் தடவினால் மிச்ச வேரையும் காய வைத்துவிடும் என்பது என் எண்ணம். உங்களுக்குப் பிழைத்தது தூளாலா, வெட்டியதாலா என்று எப்படித் தெரியும்?

---

மணிபிளாண்ட் அக்கா · புதன், காலை 10.12

தெரியாது. ஆனால் பிழைத்தது :)

---

லயத்துமகள் · புதன், இரவு 9.30

கவிழ்த்தோம். அடிப் பாதி வேர் முழுக்க அப்படியே உருவிக்கொண்டு வந்தது, நூல் நூலாக. மேல் பக்கம், தண்டை ஒட்டி, ஏழெட்டு வெள்ளை வேர் இருக்கிறது. இலை பதினான்கில் ஒன்பதை எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு மனசே வரவில்லை, கத்தரியை நான்தான் பிடித்தேன். பட்டைத் தூள் போடவில்லை.

அம்மா சொன்ன ஒன்றை இங்கே எழுத வேண்டும். லயத்தில் இருந்தபோது மைலோ டின்னில் ஆணியால் துளை போட்டுத்தான் செடி வைத்தோம், வாசலில் வெயில் அடிக்கும், தினமும் ஊற்றினாலும் சாயங்காலத்துக்குள் டின் காய்ந்துவிடும், ஒன்றும் சாகவில்லை என்றார். ஊற்றுகிற அளவு இன்றும் அதே குவளைதான். கூரையும் ஜாடியும்தான் புதிது.

நட்டு வடிந்த எடை 840.

---

கூலிம் வாத்தியார் · வியாழன், காலை 8.15

பாம்பு செடி (இங்கே லிடா ஜின் என்பார்கள்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. இலை நீளவாக்கில் சுருங்கி வரி விழுந்திருக்கிறது. மண் காய்ந்திருக்கிறது. ஊற்றி ஒரு வாரம் ஆகியும் நிமிரவில்லை.

---

பழைய மண்டோர் · வியாழன், காலை 8.40

இலை அடியைப் பிடித்துப் பாருங்கள் வாத்தியாரே. கெட்டியாக இருந்தால் தாகம், இன்னும் ஒரு வாரம் கொடுக்கலாம், அது மெதுவான செடி. அடி கொழகொழ என்றோ கண்ணாடி மாதிரியோ இருந்தால் முன்பு எப்போதோ வேர் அழுகி, அப்புறம் மண் காய்ந்திருக்கிறது. அந்த வகையில் எடையும் லேசாக இருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும், இரண்டும் சேர்ந்து உங்களை ஏமாற்றும். கவிழ்த்தால்தான் தெரியும்.

---

கூலிம் வாத்தியார் · வியாழன், காலை 8.52

அடி கெட்டி. கவிழ்க்க மனசு இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன்.

---

லயத்துமகள் · அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளி, காலை 7.45

பதினாறு நாள் ஆயிற்று. முதல் வாரம் 840-இல் இருந்து 790-க்கு வரவே ஏழு நாள் ஆனது. இன்னும் இரண்டு இலை மஞ்சளாகி விழுந்தன, மிச்சம் மூன்று. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். போன திங்கள் 720-இல் குச்சி வெள்ளையாக வந்ததும் ஊற்றினேன், வடிந்து 850. இன்று 745. நான்கு நாளில் நூற்றைந்து கிராம், மூன்றே இலையோடு.

இலை இன்னும் முழுக்க நிமிரவில்லை. நடுவில் சுருட்டி வைத்த மாதிரி பச்சையாக ஒன்று தெரிகிறது, இலையா பூவா தெரியவில்லை. அம்மா பூ என்கிறார்.

---

பழைய மண்டோர் · வெள்ளி, காலை 8.30

இலைதான். 720 வரட்டும், அதுவரை குவளையை ஒளித்து வையுங்கள்.